மெக்கானிக்குக்கு முன்னால் போகிறவர்

வைரக்கண்ணு பார்த்த வேலைக்கு அரியலூரில் யாரும் பெயர் வைக்கவில்லை. திருச்சியில் இருந்த ஒரு ரேடியோக் கம்பெனிக்கு இந்தப் பக்கத்தில் அவர்தான் ஆள். ரேடியோ விற்பது முதலாளி, பழுது பார்ப்பது மெக்கானிக் பாலசுந்தரம். இவர் இரண்டும் இல்லை. மெக்கானிக் ஒரு வீட்டுக்கு வருவதற்கு முன்னால் இவர் போவார். இன்ன நாள், இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரத்துக்குள் ஆள் வரும், இன்னின்னது தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வருவார். முதல் நாள் மறுபடியும் போய் உறுதி சொல்வார். அவ்வளவுதான்.

அதற்கு முன்னால் டூரிங் டாக்கீஸில் இருந்தார். மாட்டு வண்டியில் தட்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய், இன்றைக்கு இன்ன படம் என்று கத்துகிற வேலை. சாயங்காலம் படம் ஓடுகிறபோது இவர் அடுத்த ஊருக்குப் போய்க்கொண்டிருப்பார். மூன்று வருஷம் அந்தக் கொட்டகையில் இருந்து ஒரு படத்தையும் முழுசாகப் பார்க்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? ரேடியோ விஷயமும் அப்படித்தான். எத்தனையோ வீட்டில் கம்பம் நடச் சொன்னார், குழி வெட்டச் சொன்னார். அந்த வீட்டுப் பெட்டி வாய் திறந்து பேசுகிற நேரத்தில் மனிதர் சைக்கிளில் வேறெங்கோ மிதித்துக்கொண்டிருப்பார்.

அது அவருக்குக் குறையாகவும் தெரியவில்லை. நாற்பது வயது. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். சைக்கிள் ஒன்று, இரண்டாங்கையாக வாங்கிய பாக்கெட் கடிகாரம் ஒன்று. முந்திரிக் காட்டு வழியில் சைக்கிள் மிதிக்கும்போது பாதித் தூக்கத்தில் போவதுபோலப் போவார். மணல் சக்கரத்தின் கீழே உஸ்ஸென்று இழுக்கும். பழம் விழுந்து புளித்த வாசனை காற்றில் நிற்கும். எங்கே முடிகிறது என்று தெரியாத பச்சை. அதற்குள் போனால் போகிற வேலைகூட மறந்துபோகும். ஆனால் நேரம் மட்டும் மறக்காது. நான் சொன்ன நேரத்துக்குள் ஆள் வராமல் போனதில்லை என்பதுதான் அவர் மடியில் வைத்திருந்த ஒரே பெருமை.

உலகச் சண்டை நடந்த காலம் அது. திருச்சியிலிருந்து வருகிற ரயில், பட்டாளத்து வண்டிக்கு வழிவிட்டு எங்காவது நிற்கும். அரியலூரில் இறங்கினால் கரி போட்டு ஓட்டுகிற பஸ். மேடு வந்தால் மூச்சு வாங்கும். ஜனங்களே இறங்கித் தள்ள வேண்டிவரும். அதனால் மெக்கானிக் இத்தனை மணிக்கு வருவார் என்று எந்த மடையனும் சொல்ல முடியாது. வைரக்கண்ணு இரண்டு மணி நேரம் இடம் விட்டுச் சொல்வார். ‘இதுக்கு முன்னாடி வர மாட்டாரு, இதுக்குப் பின்னாடி போகாது. இந்த ரெண்டுக்கும் நடுவுல வூட்டுல ஆள் இருக்கணும்’ என்பார். அது போதும்.

ஆனால் இன்னொரு தொல்லை இருந்தது. சண்டைக்காக சர்க்கார் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. ரயிலுக்கும் தாலுகா கச்சேரிக்கும் ரேடியோவுக்கும் புது மணி. உள்ளூர்க்காரர்கள் பாதிப் பேர் பழைய மணியிலேயே இருந்தார்கள். வைரக்கண்ணு எந்த வீட்டில் எந்த மணி ஓடுகிறது என்று பார்த்து வைத்துக்கொள்வார். பழைய மணி வீடானால் ஒரு மணியைக் கழித்துச் சொல்வார். கேட்கிறவன் குழம்பவேண்டியதில்லை. குழம்புவதெல்லாம் தன் மண்டைக்குள்ளேயே நடந்து முடிந்துவிட வேண்டும் என்று நினைக்கிற ஆள்.

ஜெயங்கொண்டத்துக்குத் தெற்கே முந்திரிக் காட்டுக்குள் நல்லுசாமியின் பண்ணை வீடு. சண்டைக்கு முன்னால் வாங்கிய பாட்டரி ரேடியோ ஒன்று கூடத்தில் கிடந்தது. ஒரு புயலில் கம்பம் விழுந்தது, பாட்டரியும் தீர்ந்தது. இரண்டு வருஷமாக அதன் மேல் ஊறுகாய் ஜாடி இருந்தது. இப்போது கம்பெனிக்குப் புதுப் பாட்டரி கொஞ்சம் வந்திருந்தது. சித்திரை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை மெக்கானிக் வருவதாக ஏற்பாடு. அதற்கு ஒரு வாரம் முன்னால் வைரக்கண்ணு போய் வாசலில் சைக்கிளைச் சாத்தினார்.

கூடத்துக்குள் கூப்பிட்டார்கள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். புது மணி ஓடுகிற தன் பாக்கெட் கடிகாரத்தையும் பார்த்தார். சுவரில் இருந்தது ஒரு மணி பின்னால்.

“என்னா பார்க்குற?” என்றார் நல்லுசாமி. பெரிய உடம்பு, பெரிய குரல். “என் கடிகாரம் சூரியனைப் பார்த்து ஓடுது. வெள்ளைக்காரன் எவனோட சண்டை போட்டா எனக்கென்ன? அவனுக்காக என் வூட்டுல சேவல் முன்னாடி கூவணுமா?”

“வாணாங்க. சேவல் அதும்பாட்டுக்குக் கூவட்டும்” என்றார் வைரக்கண்ணு. “நான் சொல்றத மட்டும் கேட்டுக்குங்க. ரெண்டு சவுக்குக் கம்பம் வேணும். ஓட்டு முகட்டை விட ஒசரமா இருக்கணும். ஒண்ணு இந்தக் கோடி, ஒண்ணு அந்தக் கோடி. நடறதுக்கு முன்னாலயே உச்சியில ஒரு இரும்பு வளையம் கட்டி, அதுல கயிறு கோத்து விட்டுடணும். நட்டப்பறம் எவனும் மேல ஏறக்கூடாது. கயிறு இழுத்தா ஏரியல் கம்பி மேல போகணும்.”

“அப்பறம்?”

“நடுவுல மரக்கிளை தொடக்கூடாதுங்க. அந்தப் புளியங்கொப்பை வெட்டிடுங்க. அப்பறம் இந்த ஜன்னலுக்கு வெளிய இடுப்பளவு ஒரு குழி. அடுப்புக்கரியும் கல்லுப்பும் மாத்தி மாத்திப் போட்டு மண்ணை மூடி, ஒரு வாரத்துக்கு ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தணும். பூமிக் கம்பி அதுலதான் எறங்கும். காஞ்ச மண்ணுல எறக்கினா பொட்டி இரையும், பேசாது.”

“ஓஹோ. பொட்டிக்கும் தாகமா?”

“ஆமாங்க. பாட்டரியில ரெண்டு சாதி இருக்கு. காஞ்ச பாட்டரி மெக்கானிக் எடுத்தாருவாரு. கண்ணாடிக் குடுவையில திராவகம் ஊத்தி ஒண்ணு இருக்கு பாருங்க, அதை ஜெயங்கொண்டம் ரைஸ் மில்லுல குடுத்து சார்ஜ் பண்ணி வைக்கணும். தூக்கிட்டு வரப்ப சாய்க்கக்கூடாது. சாஞ்சா திராவகம் வேட்டியைத் தின்னுடும், அடுப்புக்கிட்ட வைக்கவும் கூடாது. பொட்டி மேல இருக்கிற ஊறுகாய எடுத்துடுங்க. ஜன்னலோரம் ஆடாத மேசை ஒண்ணு வேணும்.”

நல்லுசாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் தலையாட்டினால் ஒரு காரியமும் நடக்காது என்று வைரக்கண்ணுவுக்குத் தெரியும். இத்தனை வீட்டில் பார்த்தவர். சொல்வது வீட்டுக்காரரிடம், நடத்துவது வேறு யாரோ. அந்த வேறு யாரோ இங்கே மாட்டுக்கொட்டகை வாசலில் கூடையோடு நின்றுகொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். மருதாயி என்று பெயர். வெளி வேலை எல்லாம் அவள்தான். நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. காதுத் தோடு இருந்த இடத்தில் ஈர்க்குக் குச்சி.

வைரக்கண்ணு சைக்கிளை எடுக்கும்போது பக்கத்தில் வந்தாள்.

“தம்பி, அந்தப் பொட்டி வெள்ளிக்கெழமை சாயங்காலம் பேசிடுமா?”

“பேசணும். ஏன் அக்கா?”

“எம் மவன் அதுல வாசிக்கிறானாம். கும்மோணத்துப் பாத்திரக்காரரு சொல்லிட்டுப் போனாரு. வெள்ளிக்கெழமை வெளக்கு வைக்கிற நேரத்துக்குத் திருச்சியில நாயனமாம். இவன் தவுல்.”

வைரக்கண்ணு சைக்கிளை மறுபடியும் சாத்தினார்.

சின்னதுரை என்பது மகன் பெயர். சிறு பிள்ளையிலேயே மாட்டுத் தொட்டியைத் தட்டுவான், கூடையைத் தட்டுவான், தூங்குகிற நாயின் வயிற்றைக்கூடத் தட்டுவானாம். அப்பன் அடித்தான். திருவிழாவுக்கு வந்த ஒரு மேளக்காரர் பின்னாலே போய்விட்டான். ஆறு வருஷமாயிற்று. அப்பன் செத்த செய்தி அவனுக்குப் போய்ச் சேர்ந்தபோது கருமாதியே முடிந்திருந்தது. அந்த வெட்கத்தில் இந்தப் பக்கம் வருவதில்லை. எங்கே இருக்கிறான் என்று யாராவது வந்து சொன்னால்தான் உண்டு.

“ஒரு தடவை கேட்டுட்டாப் போதும்” என்றாள் மருதாயி. “கை நல்லா இருக்குதா, திங்கிறானா இல்லியான்னு அடியிலேயே தெரிஞ்சிடும் எனக்கு. அப்பறம் கேட்டுக்கலாமா தம்பி, அது அப்பிடியே பொட்டிக்குள்ள இருக்குமா?”

“இருக்காது அக்கா. அவன் அங்க அடிக்கிற நேரம் இங்க கேட்டாத்தான். விட்டாப் போச்சு. காத்துல போயிடும்.”

அவள் முந்திரிக் காட்டைப் பார்த்தாள். காற்று அங்கே போய்க்கொண்டிருந்தது.

“குழிக்கு நான் தண்ணி ஊத்துறேன்” என்றாள். “நீ அந்த ஆளைக் கூட்டியா.”

வைரக்கண்ணு திரும்பி வரும் வழியெல்லாம் அந்தக் குழியையே நினைத்துக்கொண்டு வந்தார். எத்தனையோ குழி வெட்டச் சொல்லியிருக்கிறார். அந்த ஈர மண்ணுக்குள் இறங்குகிற கம்பி ஒரு தாயாருக்கும் மகனுக்கும் நடுவில் இருக்கும் என்று அதுவரை தோன்றியதில்லை.

வியாழக்கிழமை உறுதி சொல்லப் போனார். மெக்கானிக்கிடமிருந்து கார்டு வந்துவிட்டது: வெள்ளி, புது மணி பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் வீட்டில் இருப்பார். பண்ணை வீட்டு வாசலில் இரண்டு கம்பங்களும் நின்றன. வளையமும் கயிறும் சரியாக இருந்தன. மருதாயி முதல் கம்பத்துக்கு மஞ்சளும் வேப்பிலையும் கட்டியிருந்தாள்.

“இது எதுக்குக்கா?”

“கம்பம் நட்டா கட்டாம வுடலாமா? உனக்கு அதுல என்னா?”

“ஒண்ணுமில்ல. கம்பியில மட்டும் படாம இருக்கட்டும்.”

குழியைக் காலால் அழுத்திப் பார்த்தார். பொதபொதவென்று இறங்கியது. கூடத்துக்குள் போகவில்லை. நல்லுசாமி முற்றத்திலேயே நெல் அளந்துகொண்டிருந்தார். என்றைக்கும் இல்லாத வாட்டமாக இருந்தார். குரல் இறங்கியிருந்தது.

“நாளைக்கு வராருங்க” என்றார் வைரக்கண்ணு. பன்னிரண்டு, இரண்டு. பழைய மணி வீடு. மண்டைக்குள் ஒன்றைக் கழித்தார். “உங்க கடிகாரத்துல பதினொண்ணுலேருந்து ஒரு மணிக்குள்ள வந்துடுவாரு.”

“ஒரு மணிக்குள்ள வந்துடணும்ப்பா. உடையார்பாளையத்துல என் தங்கச்சி மவளுக்கு நிச்சயதார்த்தம். நானும் வூட்டுலயும் போகணும். ஒரு மணிக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன். கூடத்தைப் பூட்டிட்டுப் போயிடுவேன்.”

“தாண்டாதுங்க. நான் சொல்லித் தாண்டினதில்ல.”

“உங்க கடிகாரத்துல” என்று இவர் சொன்னபோது நல்லுசாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்து மூடிக்கொண்டார். வைரக்கண்ணு அதைப் பார்த்தார். பார்த்தும் கேட்கவில்லை. சரியாகச் சொல்லிவிட்டோம் என்கிற மிதப்பு.

வெள்ளிக்கிழமை அவர் அந்த வீட்டுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை. தா.பழூரில் ஒரு வீட்டுக்குக் குழி சொல்லப் போகவேண்டும். போகவில்லை. ஜெயங்கொண்டத்தில் பஸ் நிற்கிற இடத்தில் புளிய மரத்தடியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தெரு வெயிலில் மிதந்தது. தூரத்தில் வருகிறவன் எல்லாம் தண்ணீருக்குள் நடந்து வருகிறவன் மாதிரி தெரிந்தான். பஸ்ஸும் அப்படித்தான் வந்தது, புகையும் நெளிசலுமாக. பாலசுந்தரம் தகரப் பெட்டியோடு இறங்கினார். சட்டையெல்லாம் கரி.

“ரெண்டு மேட்டுல தள்ளினோம். நேரம் இருக்கா?”

“தாராளமா இருக்கு” என்று வைரக்கண்ணு கடிகாரத்தைக் காட்டினார். ஒன்றுகூட ஆகவில்லை. மெக்கானிக்கைப் பின்னால் உட்காரவைத்து, பெட்டியை முன்னால் கட்டி, மணலில் மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார்கள்.

கூடம் பூட்டிக் கிடந்தது.

மருதாயி குழிக்குப் பக்கத்தில் காலி குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“இப்பத்தான் போனாங்க. நீ சொன்ன நேரம் தாண்டிடுச்சுன்னு அய்யா பூட்டிட்டாங்க. திட்டிக்கிட்டே போறாங்க.”

“எப்பிடி தாண்டும்? உங்க மணிக்கு இன்னும்...” என்று ஆரம்பித்த வைரக்கண்ணு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார். கூடம் இருட்டாக, குளிர்ச்சியாக, ஒரு குளத்தின் அடிபோல இருந்தது. எதிர்ச் சுவரில் கடிகாரம். அதையும் தன் கையில் இருந்ததையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டும் ஒரே மணி காட்டின.

“அக்கா, இந்தக் கடிகாரத்தை எவன் திருப்பினது?”

“அய்யாதான். புதன்கெழமை தாலுகா கச்சேரியில ஏதோ வழக்காம். பழைய மணிக்குப் போயி நின்னாங்களாம். பேரைக் கூப்பிட்டு முடிஞ்சிடுச்சாம். வந்து நாக்காலியில ஏறி அவங்களே திருப்பினாங்க. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னுட்டாங்க.”

வைரக்கண்ணு ஜன்னல் கம்பியை விடவில்லை. பன்னிரண்டிலிருந்து இரண்டுக்குள் என்று கார்டில் இருந்ததை அப்படியே சொல்லியிருந்தால் ஒரு வம்பும் இல்லை. கழித்தது அவர் புத்திசாலித்தனம். வருகிற ஆள் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார் என்று சொல்லிவிட்டு, அந்த ஆள் வருவதற்குள் கதவைப் பூட்டவைத்தவர் வேறு யாரும் இல்லை.

“நாலு மணிக்கு எனக்குத் திரும்ப பஸ்” என்றார் பாலசுந்தரம். “அதை விட்டா நாளைக்குத்தான். நாளைக்கு எனக்குப் புதுக்கோட்டையில வேலை இருக்கு.”

 காலிக் குடத்தின் பக்கவாட்டில் மருதாயியின் விரல் ஒன்று மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கே தெரியாமல் தட்டியிருக்கும்.

“நீங்க வெளிவேலைய ஆரம்பிங்க” என்றார் வைரக்கண்ணு. “நான் சாவி கொண்டாரேன்.”

“பெரிய மனுஷன் வூட்டுச் சாவிய உங்ககிட்ட குடுப்பாரா?” என்றார் பாலசுந்தரம்.

வைரக்கண்ணு அதற்குள் சைக்கிளில் இருந்தார்.

உடையார்பாளையத்துக்குப் போகிற காட்டு வழியில் உச்சி வெயிலில் ஈ காக்கை இல்லை. வண்டித் தடம் மட்டும் மணலில் இரண்டு கோடாகப் போய்க்கொண்டே இருந்தது. முந்திரி மரங்கள் இரண்டு பக்கமும் தரையைத் தொட்டுக்கொண்டு அசையாமல் கிடந்தன. மிதிக்க மிதிக்க அதே மரம், அதே வளைவு. தான் நகர்கிறோமா, காடு நகர்கிறதா என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. எங்கோ ஒரு குயில் பாதியில் நிறுத்தியது. வாயில் உப்பு.

அப்புறம் மணிச் சத்தம். மாட்டுக் கழுத்து மணி, ஒன்று விட்டு ஒன்று.

கூண்டு வண்டி போய்க்கொண்டிருந்தது. வண்டிக்காரன் முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கினான், மாடு ஓட்டுகிற தாற்றுக்கோல் அவன் மடியில் தூங்கியது. உள்ளே நல்லுசாமி மல்லாந்து குறட்டை. அவர் மனைவி கமலவேணி தாம்பாளத்தை அணைத்துக்கொண்டு கூண்டில் சாய்ந்து தூங்கினாள், மல்லிகைச் சரம் ஒரு காதோரம் இறங்கி ஆடியது. மாடுகளும் கண்ணை மூடித்தான் நடந்தன. வழி தெரிந்த மாடுகள். ஒரு வீடே கனவில் ஊர்வலம் போகிறது போலிருந்தது. எழுப்ப மனசு வராமல் வைரக்கண்ணு கொஞ்ச தூரம் பக்கத்திலேயே சத்தமில்லாமல் மிதித்துக்கொண்டு போனார்.

பிறகு நேரம் ஞாபகம் வந்தது.

“அய்யா!”

நல்லுசாமி எழுந்த வேகத்தில் கூண்டில் தலை இடித்தது.

“எவன்டா அவன்? ஓ, நீயா! சொல்லித் தாண்டினதில்லன்னியே? தாண்டிருச்சா இல்லியா? கம்பெனிக்காரப் பயலுவோ எல்லாம் ஒரே குட்டையில ஊறினவனுங்க!”

“தப்பு என் மேலதாங்க. மெக்கானிக் சொன்ன நேரத்துக்குள்ள வந்துட்டாரு. உங்க வூட்டுல பழைய மணின்னு நெனச்சு நான் ஒரு மணியக் கழிச்சுச் சொல்லிட்டேன். உங்க கடிகாரம் புது மணிக்கு மாறினது எனக்குத் தெரியாது.”

 கமலவேணி கண்ணைத் திறந்து புருஷனைப் பார்த்தாள்.

“மாறிடுச்சா?” என்றாள். “சேவல் முன்னாடி கூவுதா நம்ப வூட்டுல?”

நல்லுசாமி தலையைத் தடவிக்கொண்டார். “கச்சேரியில ஒரு சின்ன வேலை...”

“வழக்குல நேரம் கெட்டுப் போயிட்டு வந்துதானே திருப்புனீங்க? மருதாயிக்குத் தெரியுது, மாட்டுக்குத் தெரியுது, எனக்கு மட்டும் தெரியக்கூடாதா?”

“அதை இப்ப எதுக்குடி... வண்டியைத் திருப்பவா முடியும்? நிச்சயதார்த்தம்.”

“திருப்ப வாணாங்க” என்றார் வைரக்கண்ணு. “சாவி குடுத்தாப் போதும்.”

“ஏண்டா, கூடத்துச் சாவியை உன்கிட்ட குடுத்துட்டு நான் அங்க போயி வெத்தலை மாத்துறதா? நல்லா இருக்குடா கதை!”

வைரக்கண்ணு மருதாயியின் மகனைப் பற்றிச் சொன்னார். சுருக்கமாகத்தான் சொன்னார். அவருக்கு நீட்டிச் சொல்ல வராது. குழிக்கு ஒரு வாரமாக அவள் தண்ணீர் ஊற்றியதையும், இன்றைக்கு விட்டால் காற்றில் போய்விடும் என்பதையும் சொன்னார்.

நல்லுசாமி வெளியே பார்த்தார். “அந்தப் பயலா? என் தொட்டியத் தட்டித் தட்டி ஓட்டை போட்ட பய. ரேடியோவுலயா?”

கமலவேணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். வைரக்கண்ணுவின் கையில் கொடுக்காமல் ஒரு வெற்றிலையில் வைத்து மடித்து நீட்டினாள்.

“இது உனக்கில்ல. கொண்டுபோயி மருதாயி கையில குடு. அவதான் தொறக்கணும், அவதான் பூட்டணும்னு சொல்லு.”

“ஏண்டி...”

“நீங்க படுங்க” என்றாள். மாடுகள் அதற்குள் நடக்க ஆரம்பித்திருந்தன.

வைரக்கண்ணு திரும்பியபோது இரண்டு கம்பங்களுக்கும் நடுவில் கம்பி வானத்தில் ஏறியிருந்தது. இரண்டு கோடியிலும் பீங்கான் உருண்டை. யாரும் ஏறவில்லை. மருதாயி கயிற்றை இழுக்க, மெக்கானிக் கம்பியைப் பிடித்துக்கொடுக்க, கொடி ஏறுகிறது போல ஏறிவிட்டதாம். குழிக்குள் செப்புக் குழாய் இறங்கியிருந்தது. அதிலிருந்து ஒரு கம்பியும், மேலிருந்து ஒரு கம்பியும் ஜன்னலோரம் வந்து உள்ளே போகக் காத்திருந்தன.

“நான் இந்தப் பக்கம் பார்த்த வூட்டுலயே இதுதான்யா சுத்தமான ஏற்பாடு” என்றார் பாலசுந்தரம். “இல்லன்னா இந்த நேரத்துக்கு முடிஞ்சிருக்காது.”

மருதாயி வெற்றிலையைப் பிரித்துச் சாவியைப் பார்த்தாள். யார் கொடுத்தது, என்ன சொன்னார்கள் என்று வைரக்கண்ணு சொன்னார். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அவளே போய்த் திறந்தாள். அந்தக் கூடத்தை இத்தனை வருஷம் வாசற்படியில் நின்று பார்த்திருக்கிறாள். உள்ளே வரும்போது கால் தயங்கியது.

உள்வேலை அரை மணிக்குள் முடிந்தது. மேசை ஜன்னலோரம் இருந்தது. திராவகப் பாட்டரியை அவளே ரைஸ் மில்லிலிருந்து தலையில் சும்மாடு வைத்து, சாய்க்காமல் கொண்டுவந்திருந்தாள். மெக்கானிக் திருகைத் திருகினார். பெட்டிக்குள் மழைக்கு முன்னால் காட்டில் வருகிற இரைச்சல் மாதிரி ஒன்று வந்தது.

“இவ்வளவுதானா?” என்றாள் மருதாயி.

“திருச்சியில இப்ப நிலையம் மூடியிருக்கும். இந்த இரைச்சல் வந்தா பொட்டி நல்லா இருக்குன்னு அர்த்தம். சாயங்காலம் பேசும். முள்ளை நான் வச்ச இடத்துலயே வையுங்க. இந்தத் திருகை மட்டும் வலப்பக்கம் திருப்பினாப் போதும். கேட்டதும் அணைச்சிடணும், பாட்டரி தீர்ந்தா இப்போதைக்கு வேற கிடைக்காது.” பாலசுந்தரம் தகரப் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார். வழியில் ஜெயங்கொண்டத்துக்குப் போன வண்டி ஒன்று அவரை ஏற்றிக்கொண்டது.

வழக்கப்படி பார்த்தால் வைரக்கண்ணுவும் போயிருக்க வேண்டும். சைக்கிள் பக்கத்தில் போய் நின்றார். கைப்பிடியைத் தொட்டார். தா.பழூர் வீடு காத்திருக்கும். பிறகு என்னவோ தோன்றி, குழிக்குப் பக்கத்தில் வேப்ப நிழலில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்.

வெயில் சாய்ந்தது. கம்பியின் நிழல் வாசலில் ஒரு நூல்போலக் கிடந்து நீண்டுகொண்டே போய் முந்திரிக் காட்டுக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் திருச்சி இல்லை. ஆனாலும் பாதித் தூக்கத்தில் இருந்த அவருக்கு, அந்த நூலைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு பையன் தவுலுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பான் என்றே தோன்றியது.

“தம்பி, எழுந்திரு. வெளக்கு வச்சாச்சு.”

மருதாயி வேறு புடவை கட்டியிருந்தாள். கூடத்தில் ஒரு அகல் எரிந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். பாட்டரி ரேடியோவுக்கு முகத்தில் விளக்கெல்லாம் எரியாது. மேசைமேல் இருட்டாக ஒரு பெட்டி, அவ்வளவுதான். அவள் எழுந்து திருகைத் திருப்பினாள்.  

இரைச்சல். பிறகு, வெகு தூரத்திலிருந்து யாரோ நடந்து வருகிற மாதிரி ஒரு குரல் நெருங்கி வந்து, திருச்சிராப்பள்ளி என்றது. நாயனக்காரர் பெயரைச் சொன்னது. தவுல்காரர்கள் பெயர் இரைச்சலில் போய்விட்டது. நாயனம் எழுந்தது.

வைரக்கண்ணு வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். இத்தனை வீட்டுக்குச் சொன்னது இதைத்தானா? கூடத்தின் இருட்டு முழுக்க ஒரு கோவில் வீதி வந்து உட்கார்ந்துகொண்டது.

தவுல் சேர்ந்தது. மருதாயி பெட்டியின் பக்கம் காதைச் சாய்த்தாள். தலையை ஆட்டினாள்.

“இவன் இல்ல.”

“எப்பிடிக்கா தெரியும்?”

“இது பெரிய ஆள் கை. சோறு தின்னு முடிச்ச கை.” மறுபடியும் கேட்டாள். “இவன் இல்ல தம்பி. பாத்திரக்காரன் பொய் சொல்லிட்டுப் போயிட்டான்.”

“ரெண்டு தவுல் இருக்கும். பொறு.”

நாயனம் நின்று தவுல் தனியாக ஆரம்பித்தது. பெரிய கை வாசித்து நிறுத்தியது. அதற்குப் பதில் சொல்கிற மாதிரி இன்னொரு தவுல், கொஞ்சம் அவசரமாக, கொஞ்சம் துடுக்காக எழுந்தது.  மருதாயியின் முகத்தை அகல் வெளிச்சத்தில் பார்த்த வைரக்கண்ணு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இதுதான்” என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. “என் தொட்டிதான் இது. கேளு, கடைசி அடியை அடிக்காம வச்சிப்பான். சின்னதுலேருந்தே அப்பிடித்தான். எல்லாம் தட்டிட்டு ஒண்ண மட்டும் நிறுத்தி என் மூஞ்சியப் பார்ப்பான். நான் ‘ம்’னு சொன்னாத்தான் அடிப்பான்.”

அப்போது சத்தம் தேய்ந்தது. இரைச்சல் மேலே ஏறி, தவுல் அடியில் அமுங்கி, எங்கோ கிணற்றுக்குள் போய்விட்டது. வைரக்கண்ணு எழுந்தார். திருகைத் தொடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. எல்லா வீட்டுக்கும் எல்லாம் சொன்னவருக்கு இந்த இடத்தில் என்ன செய்வதென்று தெரியாது.

திரும்பினால் மருதாயி இல்லை. வெளியே குடம் தண்ணீரில் முங்குகிற சத்தம் கேட்டது. ஜன்னல் வழியாகப் பார்த்தார். பகல் முழுக்க வெயில் குடித்த குழி, மேலே வெளுத்துப் போயிருந்தது. அவள் குடத்தை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாக, ஒரு பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றுகிற மாதிரி குழாயைச் சுற்றி ஊற்றிக்கொண்டிருந்தாள். மண் சர்ரென்று உறிஞ்சியது.

தண்ணீர் செய்த வேலையோ, வானம் தானாகத் தெளிந்ததோ, அது மெக்கானிக்கைத்தான் கேட்கவேண்டும். இரைச்சல் இறங்கியது. தவுல் திரும்பி வந்தது, போனதை விடப் பக்கத்தில், ஜன்னலுக்கு இந்தப் புறம் வந்துவிட்ட மாதிரி. அடி மேல் அடியாக ஓடி வந்து, வளைந்து, நெருங்கி, கடைசி இடத்தில் சட்டென்று நின்றது.

ஒரு அடி பாக்கி. காடு மூச்சுவிடவில்லை.

குடத்தோடு குழிக்கரையில் நின்றபடி மருதாயி, “ம்” என்றாள்.

அடி விழுந்தது.

மறுநாள் காலையில் வைரக்கண்ணு தா.பழூர் வீட்டில் நின்றார். ஒரு நாள் தாமதமாக வந்ததற்கு வீட்டுக்காரர் சத்தம் போட்டதைக் கேட்டுக்கொண்டார். உள்ளே போய் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார். “இது எந்த மணிங்க? நேத்தைக்கு இருந்த அதே மணிதானா?” என்று கேட்டு உறுதி செய்துகொண்டார். கம்பத்தைச் சொன்னார், வளையத்தைச் சொன்னார், கரியையும் உப்பையும் சொன்னார். முடித்துவிட்டுச் சைக்கிள் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார்.

“ஒண்ணு விட்டுட்டேங்க. பொட்டி பேசறப்போ, ஜன்னலுக்கு வெளிய குழிக்குப் பக்கத்துல ஒரு குடம் தண்ணி இருக்கட்டும். ஒரு ஆளும் இருக்கட்டும்.”